ஸ்கேன் பண்ணின கைநூலைத் திருத்தக்கூடிய ஸ்லைடாக மாற்றிய அனுபவம்

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலை மிஸ்:

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஐயா ஒருவர், கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூள் பெட்டியில் ஏறுவது வரை சொல்லும் பழைய பயிற்சிக் கைநூல் ஒன்றைத் தந்தார். 26 பக்கம். தரம் 10 பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணி, பிடிஎப் ஆக வாங்கி வந்தேன்.

முதலில் இணையத்தில் இருக்கிற ஒரு மாற்றித் தரும் தளத்தில் போட்டேன். ஒரு நிமிடத்தில் 26 ஸ்லைட் வந்தது. பார்க்க அச்சு அசல் கைநூல் மாதிரியே இருந்தது. சந்தோஷத்தோடு "வாட்டல்" என்ற தலைப்பைப் பெரிதாக்கலாம் என்று தொட்டேன். முழுப் பக்கமும் ஒரே படமாகப் பிடிபட்டது. எழுத்தாக வந்தது மூன்று ஸ்லைட் மட்டும்தான். அதிலும் ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டி. ஒரு சொல்லை அழித்தால் கீழ் வரி மேலே ஏறி வராது, அந்த இடம் அப்படியே பள்ளமாக நிற்கும்.

பவர்பொயிண்டில் `View > Outline View` திறந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இடப்பக்கத்தில் 1 முதல் 26 வரை எண்கள் இருந்தன, பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. தலைப்புக்கும் உடலுக்கும் உரிய இடத்தில் இருக்கும் எழுத்துதான் அங்கே தெரியும். சும்மா பெட்டியில் மிதக்கிற எழுத்து தெரியாது. அன்றிலிருந்து யார் மாற்றித் தந்த ஸ்லைடானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கைநூலை மேசையில் விரித்துப் பார்த்தால் 26 பக்கமும் நாலே வகைதான்: தலைப்பும் பந்தியும், படமும் பக்கத்தில் எழுத்தும், அட்டவணை, ஒன்றன்பின் ஒன்றாக அம்புக்குறி போட்ட படிமுறை. `View > Slide Master` இல் இந்த நாலுக்கும் நாலு லேஅவுட் செய்து, எழுத்தளவு, நிறம், ஓர இடைவெளி எல்லாம் அங்கேயே முடித்தேன். பிறகு எந்த ஸ்லைடிலும் கையால் எழுத்தளவு மாற்றவில்லை. ஒரு பக்கம் ஒரு ஸ்லைட் என்ற எண்ணத்தையும் விட்டேன். நெடுக்கான ஏ4 பக்கத்தைக் குறுக்கான ஸ்லைடில் திணித்தால் பின் வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. 26 பக்கம் 41 ஸ்லைட் ஆனது.

அதிகம் மினக்கெட வைத்தது 7ஆம் பக்க அட்டவணை. வேலை, நேரம், கவனிக்க வேண்டியது என்று மூன்று நிரல். பக்கங்களைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தை வாசித்து எடுக்கக் கொடுத்த கட்டளைகள் இவை:

```
pdftoppm -r 300 -gray -png kainool.pdf pakkam
tesseract pakkam-07.png p07 -l tam+eng --psm 6
```

வந்ததில் மூன்று நிரலும் குறுக்காகப் பின்னிக் கிடந்தன. "உருட்டல்" என்பதற்குப் பக்கத்தில் அடுத்த நிரலின் பாதி வாக்கியம். பக்கத்தை நிரல் நிரலாக வெட்டி, மூன்று படமாகத் தனித்தனியே கொடுத்த பிறகுதான் ஒழுங்காக வந்தது. அதை `Insert > Table` இல் போட்ட உண்மையான அட்டவணைக்குள் ஒட்டினேன். அதில் 2.5 என்று இருந்தது 25 என்று வந்திருந்தது. சொல் பிழைத்தால் கண்ணுக்குப் படும், எண் பிழைத்தால் படாது. அதனால் ஒரு பிள்ளை கைநூலைப் பார்த்து எண்களை வாசிக்க, நான் ஸ்லைடைப் பார்த்துச் சரிபார்த்தேன்.

நானுஓயா தம்பி:

மிஸ், அந்தக் கட்டளையில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று இருப்பதை 600 ஆக்கினால் எழுத்துப் பிழை எல்லாம் போய்விடும். நான் அப்படித்தான் செய்கிறேன். இவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

பதுளை அச்சக வேலைக்காரர்:

தம்பி, பாதி சரி. தாளை ஸ்கேன் பண்ணும்போதே 300 வைத்தால் பலன் உண்டு. ஆனால் 150 இல் ஸ்கேன் பண்ணி முடித்த பிடிஎப்பிடம் போய் 600 கேட்டால், இருக்கிற புள்ளியையே ஊதிப் பெருப்பித்துத் தரும். இல்லாத புள்ளி எங்கிருந்து வரும்? `pdfimages -list kainool.pdf` கொடுத்து `x-ppi` என்ற நிரலைப் பாருங்கள், உண்மை அங்கே இருக்கும். குறைவாக இருந்தால் தாளைத் திரும்ப ஸ்கேன் பண்ணத்தான் வேண்டும்.

தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேல் புள்ளி. அடுத்து "ர" வும் கால் குறியும் இடம் மாறும். "கௌ" என்பது "கெள" என்று இரண்டு எழுத்தாக வரும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் அகப்படாது.

இன்னொன்று. எல்லாப் பிடிஎப்பையும் படமாக நினைத்து இப்படி வாசிக்கக் கொடுக்கக் கூடாது. முதலில் எழுத்துருப் பட்டியல் தரும் `pdffonts` கொடுத்துப் பாருங்கள். ஸ்கேன் என்றால் பட்டியல் வெறுமையாக இருக்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் பெயர் வந்தால் அது கம்பியூட்டரில் அடித்த எழுத்து. கொப்பி பண்ணினால் "மலையகம்" என்பது `kiyafk;` என்று வரும். பயப்பட வேண்டாம், அதுதான் நல்ல சேதி. பாமினியை யுனிகோட் ஆக்கும் கருவியில் போட்டால் எழுத்துக்கு எழுத்து சரியாக வரும், ஊகிக்க வேண்டியதில்லை. இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் மட்டும் முதலில் வெட்டி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அதையும் தமிழாக்கி அர்த்தமில்லாத எழுத்தாகத் தரும். ஒரு பாடசாலை மலரில் விருந்தினர் பட்டம் முழுக்க இப்படிக் கெட்டுப்போய், அச்சுக்குப் போகுமுன் நான் பிடித்தேன்.

மஸ்கெலியா கோயில் இளைஞர்:

எனக்கும் இதே பிரச்சினைதான். திருவிழா உபயகாரர் பட்டியலை ஸ்லைடில் அடித்தேன். கோயில் லெப்டொப்பில் போட்டால் எழுத்துக்குப் பதிலாக வேறு ஏதோ தெரிகிறது.

பதுளை அச்சக வேலைக்காரர்:

அது வேறு விஷயம் தம்பி. உங்கள் எழுத்துரு அந்த மெஷினில் இல்லை. காட்ட மட்டும் என்றால் உங்கள் கம்பியூட்டரிலேயே பிடிஎப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

பண்டாரவளை அக்கா:

மிஸ், உருட்டு மெஷின் படத்தை என்ன செய்தீர்கள்? என்னிடமும் அந்த மாதிரி ஒரு பக்கம் இருக்கிறது. படத்துக்குள்ளேயே பெயர்கள் எழுதியிருக்கிறது. எழுத்தின் மேல் வெள்ளைப் பெட்டி வைத்து மேலே அடித்தேன். பின்னணியை இளம்பச்சை ஆக்கினதும் வெள்ளை எல்லாம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலை மிஸ்:

அக்கா, படிமுறைப் பக்கத்தை முழுதாகத் திரும்ப வரைந்தேன். பழைய பக்கத்தைப் படமாக அடியில் போட்டு மங்கலாக்கி, அதன்மேல் கட்டமும் அம்பும் வைத்தேன். அம்பின் இரண்டு முனையையும் கட்டத்தின் விளிம்புப் புள்ளியில் ஒட்டினால், கட்டத்தை நகர்த்தும்போது அம்பும் கூடவே போகும். முடிந்ததும் `Alt+F10` அடித்து, வரும் பட்டியலில் அடிப்படத்தைப் பிடித்து அழித்தேன். மெஷின் படத்தை வரையவில்லை. அந்தக் கோட்டில் இருக்கிற கைவேலை என்னால் வராது, அது போகவும் கூடாது. பெயர் எழுதிய ஓரங்களை `Crop` பண்ணி நீக்கிவிட்டு, வெளியே கோடு இழுத்துப் புதிதாகப் பெயர் அடித்தேன்.

பதுளை அச்சக வேலைக்காரர்:

நான் மெஷின் படத்தையும் வரையத்தான் சொல்லுவேன். ஸ்கேன் படம் திரையில் பெருக்கும்போது கோடு உடையும்.

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலை மிஸ்:

300 இல் எடுத்தது எங்கள் வகுப்புத் திரைக்குப் போதுமாக இருந்தது சேர். எனக்கு இன்னும் முடிவாகாதது எழுத்துரு. நிர்மலா யூஐயில் செய்தேன். பாடசாலைக் கம்பியூட்டர் கூடத்தில் விண்டோஸ் 7 மெஷின் நாலு இருக்கிறது, அதில் நிர்மலா இல்லை, லதா இருக்கிறது. லதாவுக்கு மாற்றினால் புதிய லெப்டொப்பில் அதைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் அகலம் வேறு, 41 ஸ்லைடிலும் வரி உடையும் இடம் மாறுகிறது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து சேமித்துப் பார்த்தவர்கள் யாராவது, பழைய மெஷினில் திறந்ததா என்று சொல்லுங்கள்.