திங்கள் விடியற்காலை 4 மணி ரீஸ்டார்ட்: கனடா ஆட்கள் சண்டைக்கு வர்றாங்க, வேற எந்த நேரம் வைக்கலாம்?

பாறைவெட்டி:
வணக்கம் மக்களே. நண்பர்களுக்காக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துறேன். பேப்பர், டெபியன், வாடகை மெஷின் ஜெர்மனியில இருக்கு. மெஷினோட கடிகாரம் யுடிசி. நான் மதுரை. பாதிப் பேர் தமிழ்நாடு, மத்தவங்க சிங்கப்பூர், லண்டன், டொரன்டோ. வாரம் ஒரு ரீஸ்டார்ட் வேணும், இல்லேன்னா மெமரி ஏறிக்கிட்டே போகுது. யாரும் இருக்க மாட்டாங்கன்னு திங்கள் விடியற்காலை 4 மணின்னு வச்சேன். க்ரான்ல இப்படி இருக்கு:

```
30 22 * * 0 /opt/mc/restart.sh
```

கனடா ஆட்கள் "சண்டை நடுவுல சர்வர் போயிருச்சு"ன்னு வாராவாரம் கத்துறாங்க. அறிவிப்புல தெளிவா "திங்கள் விடியல் 4 மணி"ன்னுதான் போட்டிருக்கேன். எந்த நேரம் வச்சா எல்லாருக்கும் ஒத்து வரும்?

கோவை_ரேஸர்:
இதுக்கா இவ்ளோ யோசனை? எங்க சர்வர் தினமும் காலை 6 மணிக்கு ரீஸ்டார்ட் ஆகும். ஒருத்தரும் கேட்டதில்ல. காலையில எவன் ப்ரோ கேம் ஆடுறான்?

பாறைவெட்டி:
உங்க ஆளுங்க எல்லாரும் கோயம்புத்தூர்தானே ப்ரோ?

கோவை_ரேஸர்:
ஆமா. ஒருத்தன் மட்டும் திருப்பூர்.

பனிக்கரடி:
அண்ணை, நான் அவரிட சர்வரில டொரன்டோவில இருந்து விளையாடுறனான். உங்கட திங்கள் விடியல் எங்களுக்கு ஞாயிறு பின்னேரம். வேலை, பள்ளிக்கூடம் ஒண்டும் இல்லாமல் எல்லாரும் ஒண்டா இருக்கிற ஒரே நேரம் அது. பெரிய சண்டையள் எல்லாம் அதுக்குத்தான் வைக்கிறனாங்கள். அறிவிப்பைப் பார்த்திட்டு எங்கட திங்கள் விடிய 4 மணி எண்டுதான் கன பேர் நினைச்சவை.

செங்கல்சூளை:
பாறைவெட்டி, உங்க க்ரான் வரியிலேயே விடை இருக்கு. கடைசியில இருக்கிற 0 ஞாயிற்றுக்கிழமை. யுடிசி ஞாயிறு 22:30. அது டொரன்டோவில குளிர்காலத்துல ஞாயிறு மாலை 5:30, கோடையில 6:30. லண்டன்ல இரவு 10:30 இல்லேன்னா 11:30. மொத்த வாரத்துல இதைவிட மோசமான இடம் தேடினாலும் கிடைக்காது.

எது சும்மா இருக்கிற நேரம்னு பாக்குறதைவிட, எது நிறைஞ்ச நேரம்னு பாத்து அதைக் கழிச்சிருங்க. ஒவ்வொரு ஊர்லயும் மாலை 7ல இருந்து நள்ளிரவு வரைக்கும் ஆடுவாங்கன்னு வச்சு யுடிசிக்கு மாத்தினா, சிங்கப்பூர் 11ல இருந்து 16, இந்தியா 13:30ல இருந்து 18:30, லண்டன் குளிர்காலத்துல 19ல இருந்து 24, டொரன்டோ 0ல இருந்து 5. ஒண்ணு முடியுறதுக்குள்ள இன்னொண்ணு ஆரம்பிச்சிருது, நடுவுல பெரிய ஓட்டை கிடையாது. மிஞ்சுறது 5ல இருந்து 11 வரைக்கும்தான். அதோட நடுவுல 8 மணி. புதன்கிழமை யுடிசி 8ன்னா இந்தியாவில மதியம் 1:30, சிங்கப்பூர்ல மாலை 4, லண்டன்ல காலை 8, டொரன்டோவில விடியற்காலை 3. ஓரத்துல போய் வைக்காதீங்க.

கட்டம்போட்டவன்:
செங்கல்சூளை சொல்றது சரி. ஆனா டொரன்டோ கடிகாரம் வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறுமே? க்ரான்டேப் மேல `CRON_TZ=America/Toronto` போட்டு 3 மணின்னு எழுதிருங்க. தானா ஒத்துப்போகும்.

செங்கல்சூளை:
ஃபெடோரா, ரெட்ஹாட் பக்கம் வேலை செய்யும். டெபியனோட வழக்கமான க்ரான் அந்த வரியைக் கண்டுக்காது. எரரும் வராது. 3ன்னு எழுதினதை யுடிசி 3ன்னே எடுத்துக்கும். அது டொரன்டோவில இரவு 10 மணி, கோடையில 11. மறுபடியும் பனிக்கரடி சண்டைக்கு வருவார்.

ஊர் நேரத்துலதான் வைக்கணும்னா சிஸ்டம்டி டைமர்ல `OnCalendar=`க்குப் பக்கத்துல ஊர்ப் பெயரோட எழுதலாம். அடுத்து எப்ப ஓடும்னு முன்கூட்டியே பாத்துக்கலாம்:

```
systemd-analyze calendar "Wed *-*-* 03:00:00 America/Toronto"
```

இங்க அது தேவையே இல்லன்னு நினைக்கிறேன். டொரன்டோ மார்ச் ரெண்டாவது ஞாயிறு மாறும், லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவுல ரெண்டு மூணு வாரம் ரெண்டு ஊருக்கும் உள்ள இடைவெளியே வேற. நம்ம பக்கமும் சிங்கப்பூரும் மாறவே மாறாது. இதுல யாரைப் பின்தொடர்றது? யுடிசி 8ல நிறுத்தி வச்சா டொரன்டோவுக்கு 3 மணி 4 ஆகும், லண்டனுக்கு 8 மணி 9 ஆகும். ரெண்டும் இன்னும் அமைதியான நேரம்தான். நடுவுல வைக்கச் சொன்னது இதுக்காகத்தான்.

பாறைவெட்டி:
ரொம்ப நன்றிண்ணே. மாலை 7 கணக்கு எங்க ஆளுங்களுக்குப் பொருந்துமான்னு எப்படிப் பாக்குறது? பாதிப் பேர் ராக்கோழி.

கட்டம்போட்டவன்:
லாக்ல எல்லாம் இருக்கு. மணிவாரியா எத்தனை பேர் உள்ள வந்தாங்கன்னு எண்ணிரலாம்:

```
zgrep -h "joined the game" logs/*.log.gz | cut -c2-3 | sort | uniq -c
```

செங்கல்சூளை:
நல்ல தொடக்கம். ஆனா இது உள்ள வந்த நேரத்தை மட்டும்தான் எண்ணும். ராத்திரி 11க்கு வந்து 3 வரைக்கும் உக்காந்திருக்கிறவன் 11ல மட்டும் ஒரு தடவை வருவான், 2 மணி காலியாத் தெரியும். நெட் விட்டு விட்டு வர்றவன் ஒருத்தனே பத்துப் பேரா வருவான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வர்ல `list` கேட்டு ஃபைல்ல எழுத விடுங்க, ஒரு மாசம் போதும். வார நாளையும் வார இறுதியையும் சேர்த்து எண்ணாதீங்க. புதன் மதியம் காலியா இருக்கிற அதே மணி சனிக்கிழமை நிறைஞ்சிருக்கும்.

நிலா_லண்டன்:
ஓட்டெடுப்பு வைக்கலாம்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி: வேண்டாம். பாதிப் பேர் தமிழ்நாடு, எப்பவும் அவங்கதான் ஜெயிப்பாங்க. எண்ணிப் பாக்குறதுதான் நியாயம்.

அறிவிப்புல கிழமையை எழுதாம டிஸ்கார்ட் நேரக் குறி போடுங்க. `date -d "2026-01-07 08:00 UTC" +%s`ன்னு கேட்டா எண் வரும், அதை `<t:1767772800:F>`ன்னு எழுதினா படிக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்க ஊர் நாளும் நேரமும் தெரியும். ஒவ்வொரு வாரமும் புது எண் வேணும், அதுதான் எரிச்சல்.

பாறைவெட்டி:
ஓடவிட்டுப் பாத்துட்டு வந்தேன். வார நாள்ல யுடிசி 6ல இருந்து 10 வரைக்கும் ஒண்ணு ரெண்டு பேர், பல நாள் யாருமே இல்ல. 5 மணிக்கு மட்டும் டொரன்டோ ஆட்கள் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்காங்க. `0 8 * * 3`ன்னு மாத்திட்டேன். அரை மணி, பத்து, அஞ்சு, ஒரு நிமிஷம்னு முன்னறிவிப்பும் ஸ்கிரிப்ட்ல போட்டாச்சு.

இன்னொரு சிக்கல். ரீஸ்டார்ட் தானா நடந்துரும், ரெண்டு மூணு நிமிஷம். மாசம் ஒரு தடவை பேப்பர், ப்ளகின் எல்லாம் அப்டேட் பண்ண ஒரு மணி நேரமாவது ஆகும், ஆள் உக்காரணும். புதன் மதியம் 1:30க்கு நான் ஆபீஸ்ல இருப்பேன். சனி காலை 10:30ன்னா என்னால முடியும்.

செங்கல்சூளை:
சனி 10:30ன்னா யுடிசி 5. டொரன்டோவில வெள்ளி நள்ளிரவு. நீங்களே எண்ணிப் பாத்த ஓரம் அது. சனி மதியம் 1:30ன்னா அவங்களுக்கு நல்லது, இந்தியா, சிங்கப்பூர் ஆட்கள் முழிச்சிக்கிட்டு இருப்பாங்க. மாசத்துக்கு ஒண்ணுதானே, மாத்தி மாத்தி வைங்க. இல்லேன்னா லண்டன்ல யாருக்காவது அட்மின் உரிமை குடுங்க. புதன் காலை 8 அவங்களுக்கு விடிஞ்ச நேரம்.

நிலா_லண்டன்:
எல்லாரும் என்னைப் பாக்காதீங்க. 8 மணிக்கு நான் ரயில்ல இருப்பேன். கோடையில 9 ஆயிரும், அப்ப ஆபீஸ். எப்பவாவது லீவு போட்ட அன்னைக்குப் பண்றேன், மாசாமாசம் முடியாது.

பனிக்கரடி:
மாத்தி மாத்தி வைக்கிறது ஓம். வெள்ளி நடுச்சாமம் மட்டும் வேண்டாம் அண்ணை.

பாறைவெட்டி:
சரி, அடுத்த அப்டேட் சனி மதியம் 1:30. நம்மூர்க்காரங்க திட்டுறதை ஒரு தடவை வாங்கிக்கிறேன். அதுக்கடுத்த மாசம் பத்தி இங்கயே கேக்குறேன்.