புதுப்பிப்பு: மலேசியாவிலிருந்து வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் டேட்டா சேமிப்பு

என் கேள்வி: "ஊரில் சிக்னல் குறைவு. தம்பி மலேசியாவிலிருந்து பேசும்போது அம்மாவின் முகம் கலங்கலாகத் தெரிகிறது, அவன் டேட்டாவும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?"

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கைகொடுத்தது முதலில் பதிலளித்த நெட்வொர்க் பொறியாளரின் யோசனைதான். தம்பியின் போனில் Settings, Storage and data சென்று Use less data for calls என்பதை இயக்கினோம். குரல் சற்றுத் தட்டையானாலும் பேச்சு தடைபடவில்லை, செலவும் குறைந்தது. அழைப்புப் பட்டியலில் ஓர் அழைப்பைத் தொட்டால் அதற்கான டேட்டா அளவு தெரிவதால், இதை ஒப்பிட்டே சொல்கிறேன்.

முகம் கலங்கியதற்குக் காரணம் அம்மாவின் பக்கத்துப் பதிவேற்ற வேகம் என்றும் அவர் விளக்கியிருந்தார். வேகம் குறைந்தால் செயலி முதலில் படத்தின் தெளிவைக் குறைத்துக் குரலைக் காக்கும்; குரலே வெட்டி வெட்டி வந்தால் தரவுப் பொதிகள் வழியில் தொலைகின்றன என்று பொருள். அம்மா முற்றத்துக்கு வந்து பேசியதும் படம் தெளிந்தது.

தம்பி தன் கேமராவை அணைத்தால் போதும் என்று இன்னொருவர் எழுதியது பாதிதான் சரி. அனுப்புவது நின்றது, ஆனால் அம்மாவின் படம் வந்துகொண்டே இருந்தது. நொடிக்கு 500 கிலோபிட் வரும் படம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.75 எம்பி எடுக்கும். ஆகவே இருவருமே அணைக்க வேண்டும்.

ரவுட்டரை மாற்றச் சொன்ன அண்ணனுக்கு: எங்கள் வீட்டில் வைஃபை இல்லை.

எதிர்பாராதது ஒன்று. சிக்னல் நன்றாக இருந்த ஒரு மாலையில் செலவு கூடியது. வேகம் கிடைத்ததும் படத்தின் தரமும் உயர்ந்துவிட்டது போலும். குழு அழைப்பில் எப்படி என்று இன்னும் பார்க்கவில்லை.