சமரசக் குறிப்பில் ‘யார் என்ன செய்வது’ என்ற பகுதிக்கு ஒரு சொல்

செல்வி:
சமரசப் பேச்சு முடிந்ததும் எழுதும் உடன்பாட்டுச் சுருக்கத்தில், ஒவ்வொரு தரப்பும் செய்ய ஏற்றதைத் தனியே பிரித்துக் காட்ட ஒரு தலைப்பு வேண்டும். ‘பொறுப்பு’ என்றால் பழியை ஏற்றதுபோல் படுகிறது. திருத்த வேண்டிய மாதிரி இது:

“வாடகைதாரர் தவறை உணர்ந்து பாக்கியைக் கட்ட ஒப்புக்கொண்டார். உரிமையாளர் அவர்கள் பெருந்தன்மையோடு மீதி முன்பணத்தை விரைவில் தருவார்.”

இராமநாதன்:
‘கடப்பாடு’ போதுமே. வாக்கியங்களைச் செயப்பாட்டு வினையில் மாற்றுங்கள், நடுநிலை தானாக வரும்: “பாக்கி செலுத்தப்படும், முன்பணம் திருப்பப்படும்.”

மீனாட்சி:
குத்தல் போய்விடும், சரி. ஆனால் யார் செலுத்துவது என்பதும் சேர்ந்து போய்விடுகிறது. உடன்பாடு நீதிமன்ற ஆணையான பிறகு நிறைவேற்று மனு போட்டால், ஆணையில் இல்லாததை அங்கே சேர்த்துப் படிக்க மாட்டார்கள். ‘விரைவில்’ என்பதை வைத்து யாரை என்ன கேட்பது? பேச்சில் முடிவான தொகையும் தேதியும் இவை என்று வைத்துக்கொண்டால், நான் இப்படி எழுதுவேன்:

“முன்பணம் 1,50,000 ரூபாய். இதில் வாடகை பாக்கி 36,000, வண்ணம் பூசும் செலவு 14,000 ஆகியவற்றைக் கழிக்க இருவரும் இசைகின்றனர். மீதி 1,00,000.
வாடகைதாரர் ஜூன் 30 மாலை 5 மணிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை உரிமையாளரிடம் கொடுப்பார்.
உரிமையாளர் சாவியைப் பெறும் அதே வேளையில் 1,00,000 ரூபாயை வரைவோலையாகக் கொடுப்பார்.”

‘அதே வேளையில்’ இல்லாவிட்டால், பணம் வரட்டும் என்று ஒருவரும் சாவி வரட்டும் என்று மற்றவரும் காத்திருப்பார்கள். ‘தவறை உணர்ந்து’, ‘பெருந்தன்மையோடு’ இரண்டும் போகட்டும். ஒருவருக்கு மட்டும் ‘அவர்கள்’ போடுவதும் சாய்வுதான். பெயர்களை இடம் மாற்றிப் படித்தால் எங்கே உறுத்துகிறதோ அங்கே சாய்வு இருக்கிறது.

முக்கியமான ஒன்று: தேதியும் தொகையும் பேச்சில் முடிவாகாதிருந்தால், எழுதுபவர் தாமாக நிரப்பக் கூடாது. இரு தரப்பையும் கேட்டபின்தான் எழுத வேண்டும்.

கருணாகரன்:
எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பே வந்துவிட்டது. தீர்ப்பையும் இப்படித் திருத்தித் தருவார்களா? அதில் ‘உறுதிமொழி’ என்ற சொல் இருந்தது, அதையே எடுத்துக்கொள்ளலாமே.

மீனாட்சி:
தீர்ப்பு நீதிபதியுடையது ஐயா, அது வேறு. இங்கே கையெழுத்துக்கு முந்தைய வரைவைப் பேசுகிறோம். நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை மீறினால் அவமதிப்பு வழக்குவரை போகலாம். இரு தரப்பும் தமக்குள் ஏற்றதற்கு அந்தச் சொல்லைப் போட்டால் குழப்பம் வரும். ‘ஏற்புச்செயல்’ எப்படி? “வாடகைதாரரின் ஏற்புச்செயல்கள்” என்று தலைப்பிடலாம்.

இராமநாதன்:
கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது. ‘செய்கடன்’ அழகு.

செல்வி:
பணத் தகராறில் ‘கடன்’ என்றாலே சண்டை தொடங்கிவிடும்! இப்போதைக்கு ‘ஏற்புச்செயல்’ என்று போட்டுப் பார்க்கிறேன். ஆனால் வழக்கைத் திரும்பப் பெறுவதுபோல இருவரும் சேர்ந்து செய்வதற்கு எந்தத் தலைப்பு? ‘கூட்டு ஏற்புச்செயல்’ வாயில் நுழையவில்லை.