தெருவில் போகிறவன் நம் உடம்பைப் பற்றிச் சொன்னால்: பதில் சொல்வதா, நடையைக் கட்டுவதா?

மழைக்கால்: முந்தாநாள் இருட்டுகிற நேரம், வேலை முடிந்து தனியாக நடந்து வந்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவன் என் பருமனைக் கிண்டல் செய்து கத்தினான், மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நின்று, "முதல்ல உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாரு" என்றேன். அவன் எழுந்து பத்து நிமிடம் பின்னாலேயே வந்தான். வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் பேசியிருக்கக் கூடாதா?

வழிப்போக்கன்: பேசியிருக்கவே கூடாது. காது கேட்காத மாதிரி போய்க்கொண்டே இருக்க வேண்டும். கவனம் கிடைக்காவிட்டால் தானாக அடங்கிவிடுவார்கள். நான் இருபது வருடமாக அப்படித்தான் இருக்கிறேன்.

கத்திரிவெயில்: வழிப்போக்கன், நீங்கள் ஆண் என்று நினைக்கிறேன். உங்களை எத்தனை பேர் அப்படிக் கூப்பிட்டார்கள்? நான் பேசாமல் போனபோது "என்ன திமிரா, கேட்டா பதில் சொல்ல மாட்டியா" என்று ஒருவன் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். வாயை மூடிக்கொண்டால் பாதுகாப்பு என்று யார் சொன்னது? நாம் எல்லோரும் பேசாமல் போவதால்தான் அவர்களுக்கு இத்தனை தைரியம். மழைக்கால் செய்தது சரி.

சாய்வுநாற்காலி: பதினோரு வருடம் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு எடுத்தேன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான்.

மழைக்கால், முதலில் அந்த மூன்று பேரைப் பாருங்கள். கத்தியவன் உங்களிடம் பேசவில்லை, பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கு வித்தை காட்டினான். நீங்கள் சொன்னதற்கு அந்த இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள், இந்த முறை அவனைப் பார்த்து. அதனால்தான் எழுந்தான். போன மானத்தை மீட்க அவனுக்கு வேறு வழி தெரியாது. தவறு அவனுடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதே வாக்கியத்தைத் தனியாக நிற்பவனிடம் சொல்வது வேறு, கூட்டாளிகள் நடுவில் இருப்பவனிடம் சொல்வது வேறு.

பதில் சொல்வதானால் நான் கற்றுக்கொடுத்தது இதுதான்: கேள்வியாக இருக்கக் கூடாது, வசவாக இருக்கக் கூடாது, ஒரே தடவை. "என்னடா சொன்னே?" என்று கேட்டால் அவனுக்குப் பேச இடம் கொடுக்கிறீர்கள். திட்டினால் திருப்பித் திட்டுவான். "என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க." அவ்வளவுதான். கீச்சென்று அல்ல, அடிவயிற்றிலிருந்து, நிதானமாக. சிரிக்கக் கூடாது. பயத்தில் நம் முகம் தானாகச் சிரித்துவிடும், அதை அவன் சம்மதமாக எடுத்துக்கொள்வான். முக்கியமாக, சொல்லும்போது கால் நிற்கக் கூடாது. நீங்கள் நின்றீர்கள், அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.

கத்திரிவெயில்: "பேசாதீங்க"வா? அவனுக்கு மரியாதை வேறயா?

சாய்வுநாற்காலி: அது மரியாதை இல்லை அம்மா, தூரம். "டா" போட்டால் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, சுற்றி இருப்பவர்கள் காதில் "ங்க" விழுந்தால் அவன் உங்களுக்குத் தெரியாத ஆள் என்று அவர்களுக்குப் புரியும். "டா" கேட்டால் ஏதோ தெரிந்தவர்கள் தகராறு என்று ஒதுங்கிவிடுவார்கள்.

வெண்ணிலவன்: எனக்கு வேறு மாதிரி. முகத்திலும் கையிலும் வெண்புள்ளி. தெருவில் நிற்பவர், வரிசையில் முன்னால் நிற்பவர், யாராக இருந்தாலும் "என்ன ஆச்சு, தீப்பட்டதா?", "இந்த எண்ணெய் தடவிப் பாரு" என்பார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை. அவர்களிடமும் அடிவயிற்றிலிருந்து பேச வேண்டுமா?

சாய்வுநாற்காலி: வேண்டாம். அங்கே யாரும் உங்களை மிரட்டவில்லை, அளவு தெரியாமல் அக்கறைப்படுகிறார்கள். "தோல்ல நிறம் போயிருக்கு, ஒட்டாது, எனக்கு வலி கிடையாது" என்று சொல்லிவிட்டு நீங்களே வேறு பேச்சுக்குப் போங்கள். விளக்கம் சொல்ல மனமில்லாத நாளில் "அதைப் பத்திப் பேச விருப்பம் இல்லை" போதும். காரணம் சொல்லாதீர்கள். சொன்னால் அந்தக் காரணத்துக்கும் வைத்தியம் சொல்வார்கள்.

வெண்ணிலவன்: ஹா, அது உண்மை.

வழிப்போக்கன்: சரி, நான் கேட்பது இது. மிளகுத்தூள் தெளிப்பான் ஒன்று பையில் இருந்தால் இத்தனை பேச்சே தேவையில்லையே?

சாய்வுநாற்காலி: என் வகுப்பில் ஒரு மாணவியிடம் "இப்போது எடு" என்றேன். பையின் அடியில் துழாவி எடுக்கவே ஏழெட்டு நொடி ஆனது. பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. எதிர்க்காற்று வேறு. கையிலேயே வைத்திருந்து, பழகியும் இருந்தால் உதவலாம். கிண்டல் செய்தவன் மேல் அடிப்பதற்கு அது இல்லை.

அதைவிட, பின்னால் வந்தானே, அந்தப் பத்து நிமிடத்தைப் பேசுவோம். ஒருவன் உண்மையிலேயே பின்தொடர்கிறானா என்று தெரியச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போங்கள். அவனும் கடந்தால் தற்செயலாக இருக்கலாம். மறுபடி இந்தப் பக்கம் வந்து, அப்போதும் கூட வந்தால் சந்தேகம் வேண்டாம். வண்டியில் வந்தால் அது போகும் திசைக்கு எதிராகத் திரும்பி நடங்கள், அவன் வண்டியைத் திருப்புவதற்குள் இடைவெளி கிடைக்கும். வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். இன்றைக்குத் தப்பித்துவிடலாம், நாளைக்கு அவனுக்கு வீடு தெரியும். விளக்கும் ஆளும் இருக்கிற ஏதாவது ஓர் இடத்துக்குள் நுழைந்துவிடுங்கள்.

மழைக்கால்: நான் நேராக வீட்டுக்குத்தான் போனேன். இதைப் படித்ததும் கை நடுங்குகிறது.

சாய்வுநாற்காலி: பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கால் தானாக வீட்டுப் பக்கம்தான் போகும், எல்லோருக்கும். கொஞ்ச நாளைக்கு வேறு நேரம், முடிந்தால் வேறு வழி. பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். அவன் உடை, உயரம், எத்தனை மணி, எந்த இடம் என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுங்கள். மறுபடி வாசல் பக்கம் தென்பட்டால் புகார் கொடுக்க அது வேண்டும். நடக்கும்போதே போனைத் தூக்கிப் படம் பிடிக்க வேண்டாம், போனைப் பிடுங்கத்தான் வருவார்கள்.

மூன்றாம்படி: இத்தனை பேரும் மழைக்கால் என்ன செய்ய வேண்டும் என்றே பேசுகிறீர்கள். அந்தத் தெருவில் வேறு ஆளே இல்லையா? ஒரு முறை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்ணை இரண்டு பேர் இப்படித் தொல்லை செய்தார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் பேசவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போய், "இங்கேயா நிக்கிறே, உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன், வா" என்றேன். ஒரு நொடி முழித்தாள், அப்புறம் புரிந்துகொண்டு கூடவே வந்தாள். அடுத்த திருப்பம் வரை நடந்தோம், அவ்வளவுதான்.

சாய்வுநாற்காலி: அருமை. தொல்லை செய்பவனைத் தொடாமல் கலைப்பது. பாதிக்கப்படுபவர் பக்கத்திலிருந்தும் இதைச் செய்யலாம். "யாராவது உதவுங்க" என்று பொதுவாகக் கத்தினால் ஒவ்வொருவரும் அடுத்தவர் போவார் என்று நிற்பார்கள். ஒருவரைப் பிடியுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, இந்த ஆள் என் பின்னாலேயே வர்றான், கூட நில்லுங்க."

கத்திரிவெயில்: எல்லாம் சரி. ஆனால் நேரத்தை மாற்று, வழியை மாற்று, குரலை மாற்று. மாற வேண்டியது எல்லாம் அவளா?

சாய்வுநாற்காலி: இல்லைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு இரவு அவள் வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும்தான் எனக்கு வழி தெரியும்.

கத்திரிவெயில்: நான் இனிமேலும் பேசுவேன்.

சாய்வுநாற்காலி: பேசுங்கள். நடந்துகொண்டே.

மழைக்கால்: பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்போதுதான் சொன்னேன். அவருக்கும் போன மாதம் அதே சுவர், அதே ஆட்களாம். நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் புகார் எழுதிக் கொடுக்கிறோம்.