புதுப்பிப்பு: அப்பாவின் தூக்கப் பரிசோதனை முடிவு

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: “இரவு முழுக்கத் தூங்கியும் அப்பா பகலில் கண்ணயர்கிறார், மாத்திரைக்கும் பிரஷர் இறங்கவில்லை, ஏன்?”

முடிவு வந்துவிட்டது. தூக்கத்தில் மணிக்குச் சராசரி 34 முறை மூச்சு நின்றோ குறைந்தோ இருக்கிறது; 30-ஐத் தாண்டினாலே தீவிரமான தூக்க மூச்சுத்தடை. வரைபடத்தில் நெஞ்சில் கட்டிய பட்டை அசைகிறது, அதாவது மூச்சுவிட முயல்கிறார்; ஆனால் மூக்கில் காற்றோட்டம் இல்லை: தொண்டை அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை சில நொடி விழிக்கிறது. அவருக்கு அது நினைவிருக்காது, ஆனால் ஆழ்ந்த தூக்கம் கலைந்துவிடும். ஒவ்வொரு விழிப்பிலும் அட்ரினலின் பாய்ந்து ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. அந்த முறுக்கு பகலிலும் நீடிக்கிறது என்று மருத்துவ நண்பர் விளக்கினார்.

“எடை குறைத்தால் போதும்” என்று அப்போது பதில் எழுதியவர் சொன்னது பாதி சரி. அதற்குக் காலம் பிடிக்கும், இப்போதைக்கு, தூங்கும்போது காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் முகமூடி. அங்கே தன் குறட்டையைப் பற்றிக் கேட்ட அண்ணா, சத்தத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது, பரிசோதித்துவிடுங்கள். முகமூடியால் பிரஷர் பொதுவாகச் சிறிதளவே குறையுமாம். அதனால் மாத்திரை தொடர்கிறது.