புதுப்பிப்பு: முதல் கல்யாணத்தை மறைத்த வழக்கு, தீர்ப்பு வந்துவிட்டது

நான் கேட்டிருந்தது: "தங்கை மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனதை மறைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தே ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இனி ரத்து செய்ய முடியாதா?"

முடிந்தது. எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக மயிலாடுதுறை வக்கீல் அம்மாவுக்கு. "மாப்பிள்ளையின் முதல் கல்யாணத்து விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கித் தேதியைப் பாருங்கள்" என்று அவர் சொன்னதுதான் வழி காட்டியது.

கும்பகோணத்தில் தங்கை கல்யாணம் நடந்தபோது அந்த விவாகரத்து வழக்கு நிலுவையில்தான் இருந்தது. தீர்ப்பு பிறகுதான் வந்திருக்கிறது. அப்படியானால் இந்து திருமணச் சட்டம் 11ஆம் பிரிவுப்படி இந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பின்னால் கிடைத்த விவாகரத்து அதைச் சரிசெய்யாது. இதற்குக் காலக்கெடுவும் இல்லை.

"ஒரு வருஷம் போனால் போச்சு" என்று இங்கே பதில் எழுதிய அண்ணன் சொன்னது பாதி சரி. விவாகரத்து முன்பே முடிந்திருந்து அதை மறைத்திருந்தாலோ, கடும் நோயை மறைத்திருந்தாலோ, 12ஆம் பிரிவில் மோசடி என்றுதான் போக வேண்டும். உண்மை தெரிந்த ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், தெரிந்த பிறகு மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாது. இங்கே தன் பரஸ்பர விவாகரத்தைப் பற்றி எழுதிய அக்காவின் வழி, கல்யாணமே செல்லாது என்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை.

எதிர்பாராதது ஒன்று: கல்யாணம் செல்லாது என்றானாலும் 25ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. அந்த மனுவும், சீர் நகை விஷயமும் இன்னும் முடியவில்லை.