நிலா சுற்றும் மாதிரி செய்தேன், ஒவ்வொரு சுற்றிலும் கிரகணம் விழுகிறது. எங்கே தப்பு?

கயல்விழி:
வீட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பூமிக்கு டென்னிஸ் பந்து, நிலாவுக்குக் கோலிக்குண்டு, சூரியனுக்கு எல்.இ.டி. டார்ச். கோலியை ஒரு ஹுலா வளையத்தில் ஒட்டி, நடுவில் பந்தை வைத்துச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் கோலி பந்தின் நிழலுக்குள் போகிறது. "2025 செப்டம்பர் 7 பௌர்ணமிக்கு கிரகணம் பார்த்தோம், அக்டோபர் பௌர்ணமிக்கு ஏன் வரவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நிலாவின் பாதை ஐந்து டிகிரி சாய்ந்தது என்று படித்து, வளையத்தையும் அளந்து சாய்த்தேன். அப்படியும் மாதாமாதம் கிரகணம்தான்.

முத்து, திண்டுக்கல்:
மேடம், மாதாமாதம் வரத்தான் செய்யும், வேறு நாட்டில் தெரியும், நமக்குத் தெரியாது. செப்டம்பர் 21 அமாவாசையன்றுகூட சூரிய கிரகணம் இருந்ததே, நியூசிலாந்து பக்கம் தெரிந்தது. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தை எங்கள் ஊரிலேயே பார்த்தேன், வெயில் மங்கி ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வானம்பாடி:
முத்து சொன்ன செப்டம்பர் 21 சரி. ஆனால் அக்டோபர் 7 பௌர்ணமிக்கு உலகத்தில் எங்கேயும் கிரகணம் இல்லை. நிலா நிழலின் நடுவுக்கு வடக்கே இரண்டு டிகிரிக்கும் மேல் விலகிப் போய்விட்டது, அதாவது நான்கு நிலாவை அடுக்கி வைக்கிற தூரம்.

கயல்விழி, உங்கள் சாய்வு சரிதான், தூரம்தான் தப்பு. வளையத்தின் ஆரம் எவ்வளவு?

கயல்விழி:
30 சென்டிமீட்டர் சார்.

வானம்பாடி:
அங்கேதான் சிக்கல். 30 சென்டிமீட்டரில் ஐந்து டிகிரி சாய்த்தால் கோலி மிஞ்சிப்போனால் இரண்டரை சென்டிமீட்டர் உயரும். பந்தின் பாதி அகலமே மூன்று சென்டிமீட்டருக்கு மேல். அப்புறம் எப்படி நிழலிலிருந்து தப்பும்? பூமி டென்னிஸ் பந்து என்றால் நிலா இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அங்கே அதே ஐந்து டிகிரி 18 சென்டிமீட்டர் ஆகிவிடும். பாடப்புத்தகப் படங்களில் நிலாவைப் பூமிக்கு ஒட்டி வரைவதால்தான் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது.

டார்ச்சையும் மாற்றுங்கள். புள்ளி வெளிச்சத்தில் நிழல் போகப்போக விரியும். பந்து அளவுள்ள உருண்டை பல்பாக இருந்தால் நிழல் பந்து அளவிலேயே நிற்கும்.

இன்னொன்று. பந்தையும் வளையத்தையும் விளக்கைச் சுற்றித் தூக்கிப் போகும்போது வளையத்தைத் திருப்பிவிடுகிறீர்களா?

கயல்விழி:
ஆமாம், மேடான பக்கம் எப்போதும் விளக்கைப் பார்த்தே இருக்கும்படி பிடித்தேன்.

வானம்பாடி:
அப்படிப் பிடித்தால் தூரத்தைச் சரிசெய்த பிறகு வருடம் முழுக்க ஒரு கிரகணமும் வராது. வளையம் வேண்டாம், பந்தை நடுவில் அசையாமல் வையுங்கள். கோலியைக் குச்சியில் குத்தி இரண்டு மீட்டர் தள்ளிச் சுற்றுங்கள். கரும்பலகைப் பக்கம் வரும்போது 18 சென்டிமீட்டர் மேலே, எதிர்ப்பக்கம் 18 கீழே. ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் பந்தின் மட்டத்துக்கே வரும். இது கடைசிவரை மாறக் கூடாது. விளக்கை மட்டும் நகர்த்துங்கள்.

விளக்கு ஜன்னல் பக்கம் இருந்தால் நிழல் கதவுப் பக்கம் விழும், கோலி அதற்குள் போகும். அது செப்டம்பர் 7. அடுத்த பௌர்ணமிக்கு விளக்கு முப்பது டிகிரி நகர்ந்திருக்கும். நிழல் கரும்பலகைப் பக்கமாக நகரும், அது விழும் இடத்தில் கோலி இப்போது ஒன்பது சென்டிமீட்டர் மேலே. அது அக்டோபர். விளக்கு கதவுப் பக்கம் வர ஆறு மாதம் ஆகும். 2026 மார்ச் 3 சந்திர கிரகணம் அதுதான்.

முத்து சொன்ன செப்டம்பர் 21 கிரகணம் நடுவில் 15 டிகிரியில் வருவது. கோலியின் நிழலைச் சுற்றியுள்ள மங்கலான பகுதி மட்டும் பந்தின் ஓரத்தைத் தொடும், அதனால்தான் அது பகுதி கிரகணம்.

பஞ்சாங்கப்பிரியன்:
தாத்தா பஞ்சாங்கம் கணிப்பவர். கிரகணத்துக்கு அவர் முதலில் பார்ப்பது ராகு, கேது எங்கே என்றுதான். உங்கள் ஜன்னலும் கதவும் அவைதானா? செப்டம்பர் 7 அன்று நிலா கும்பத்தில் ராகுவோடு இருந்தது.

வானம்பாடி:
அவையேதான். எப்போதும் நேரெதிரே இருப்பதும் அதனால்தான், ஒரே தளத்தின் இரண்டு வெட்டுப்புள்ளிகள். அவை பின்னோக்கி நகர்ந்து 18.6 வருடத்தில் ஒரு சுற்று வரும். ஒரு ராசிக்கு ஒன்றரை வருடம் என்று தாத்தா சொல்லியிருப்பாரே, அதே கணக்கு. கிரகணக் காலம் வருடத்துக்கு வருடம் ஏறக்குறைய 19 நாள் முன்கூட்டியே வருவதும் இதனால்தான்.

கயல்விழி:
நேற்று இரவு மொட்டை மாடியில் செய்தோம். விளக்கு ஜன்னல் பக்கம் என்று குறித்த இடத்தில் இருந்தபோது கோலி சட்டென்று இருண்டது. அடுத்த சுற்றில் நிழலுக்கு மேலே பளிச்சென்று வெளிச்சத்திலேயே போனது. கேள்வி கேட்ட பிள்ளை குனிந்து, பந்துக்கும் கோலிக்கும் நடுவே கையை நீட்டி நிழல் எங்கே போகிறது என்று தேடிப் பார்த்தாள்.

ஒன்று மட்டும் பாக்கி. ராகு கேது நகர்வதை இதில் எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றரை டிகிரி திருப்ப வேண்டும் என்று கணக்கு வருகிறது. குச்சியைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு அந்த அளவு கைக்கு வரவில்லை.

முத்து, திண்டுக்கல்:
தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, சுற்றுக்கு ஒரு கோடு தள்ளிப் பாருங்கள் மேடம். நான் செய்து பார்த்ததில்லை.